பாதியில் நிற்கும் வாஷிங் மெஷின்: பம்ப்பை மாற்றும் முன் ஒரு வாளி வைத்துப் பாருங்கள்

"எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷின் துவைத்து முடித்து அலசப் போகும் நேரத்தில் நின்றுவிடுகிறது. திரையில் OE என்று வருகிறது. உள்ளே தண்ணீர் நிற்கிறது, கதவும் திறக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு மறுபடியும் அதே கதை. மெக்கானிக் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?"
– வாசகி, மதுரை

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஃபில்டரைக் கழுவியதும் மெஷின் இரண்டு நாள் ஓடியது என்கிறீர்கள் அல்லவா, அதுதான் இதில் முக்கியமான தகவல். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகிப்போன பம்ப்பாக இருந்தால் ஃபில்டரைக் கழுவியதால் உயிர் வந்திருக்காது. உங்கள் பம்ப் சுற்றுகிறது. தண்ணீர்தான் எங்கோ தடைபடுகிறது.

OE என்று வந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. வேறு மெஷின்களில் இதே சேதி 5C, 5E, E18 என்று வரும். பம்ப்பை ஓடவிட்ட பிறகு, சில நிமிடங்களுக்குள் ட்ரம்மில் தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று மட்டுமே மெஷின் பார்க்கிறது. இறங்கவில்லை என்றால் நின்றுவிடும். தடை ஃபில்டரிலா, பம்ப்பிலா, ஹோஸிலா, சுவருக்குள் போகும் கழிவுக் குழாயிலா என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் தெரிய வேண்டியது, தடை மெஷினுக்கு உள்ளேயா வெளியேயா என்பது.

அதற்கு ஒரு வாளி போதும். கழிவுக் குழாயில் செருகியிருக்கும் டிரெயின் ஹோஸின் முனையை வெளியே எடுங்கள். வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, ஹோஸ் வழக்கமாக இருக்கும் உயரத்திலேயே முனையை வாளிக்குள் பிடியுங்கள். தரையில் வைக்கக் கூடாது. முனை தாழ்வாக இருந்தால் பம்ப் வேலை செய்யாவிட்டாலும் தண்ணீர் தானாகவே வழிந்து வரும், பம்ப் நன்றாக இருப்பதாக நினைத்து ஏமாந்துவிடுவோம். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஸ்பின் மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். தண்ணீர் வேகமாக வரும்போது முனை துள்ளும், இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. பம்ப்பும் பாதையும் சரியாக இருந்தால் 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். அப்போது உடனே ஸ்விட்சை அணையுங்கள்.

வாளி அப்படிச் சட்டென்று நிறைந்தால் மெஷினில் கோளாறு இல்லை. போன வருடம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இதைத்தான் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பம்ப்பை மாற்றியிருந்தார்கள். வாளியில் தண்ணீர் பீறிட்டு வந்தது. ஹோஸை மறுபடி குழாயில் செருகியதும் பத்து விநாடியில் குழாய் வாய்வரை தண்ணீர் ஏறி நின்றது. வாஷ்பேசின் தண்ணீரும் அதே குழாயில்தான் போகிறது. உள்ளே முடியும் சோப்புப் படிவும் சேர்ந்து பசைபோல அடைத்திருந்தன. போதாக்குறைக்கு, வாடை வராமலிருக்க ஹோஸைச் சுற்றி டேப்பை இறுக்கமாகச் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் இறங்கும்போது காற்று வெளியேற வழியில்லை. குழாயைச் சுத்தம் செய்து, டேப்பைப் பிரித்து, ஹோஸ் நாலைந்து அங்குலம் மட்டுமே உள்ளே போகும்படி செருகினோம். பழைய பம்ப்பே போதுமாக இருந்திருக்கும்.

வாளியில் தண்ணீர் நூலாக வந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ தடை மெஷினுக்குள் இருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே ஃபில்டர் இருக்கும் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். 'உம்ம்' என்ற ரீங்காரம் மட்டும் வந்து தண்ணீர் நகரவில்லை என்றால் பம்ப்பின் இறக்கை எதிலோ சிக்கியிருக்கிறது. கடகடவென்று சத்தம் வந்தால் காசோ கல்லோ உள்ளே உருள்கிறது. சத்தமே இல்லை என்றால் மட்டும்தான் பம்ப்பின் காயிலையோ வயரையோ போர்டையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து ஃபில்டர். நீங்கள் ஃபில்டரைக் கழுவினீர்கள், அது இருந்த குழிக்குள் பார்த்தீர்களா? பெரும்பாலான வீடுகளில் விடுபடுவது இதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதன் மூடியை எடுத்து, தட்டையான பாத்திரத்தில் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஃபில்டரை மெல்ல இடதுபுறமாகத் திருகி எடுத்து, குழிக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே சின்ன இறக்கை தெரியும். அதைப் பென்சிலால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாமல் வெட்டி வெட்டித்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது கோளாறு அல்ல. நகரவே மறுத்தாலோ, எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுழன்றாலோ, இறக்கை லொடலொடவென்று ஆடினாலோதான் கோளாறு.

இறக்கையின் அடியில் நீண்ட தலைமுடி கயிறுபோலச் சுற்றியிருக்கும். ஜாக்கெட் கொக்கி, ஊக்கு, பல்குச்சி போன்றவை குறுக்கே நிற்கும். இவை தண்ணீரின் போக்குக்கேற்ப இடம் மாறுவதால்தான் ஒரு நாள் ஓடி ஒரு நாள் நிற்கிறது. குழியும் சுத்தமாக இருக்கிறது என்றால், ட்ரம்மிலிருந்து பம்ப்புக்கு வரும் வளைவான ரப்பர் குழாயைச் சந்தேகியுங்கள். குழந்தைகளின் சாக்ஸ், கைக்குட்டை போன்றவை கதவு ரப்பரின் இடுக்கு வழியாக இறங்கி அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஃபில்டர் வரை அவை வராது. அந்தக் குழாயைக் கழற்ற மெஷினைச் சாய்க்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சோப்புத்தூளையும் பாருங்கள். டாப் லோடு தூளை ஃப்ரண்ட் லோடில் போட்டால் நுரை மிகுந்துவிடும். பம்ப் தண்ணீரைத் தள்ளும், நுரையைத் தள்ளத் திணறும். நிற்கும்போது கதவுக் கண்ணாடி முழுக்க நுரை தெரிந்தால் இதுதான் காரணம். ட்ரம் காலியாக இருந்தும் OE வருகிறது என்றால் விஷயம் வேறு. தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாய் அழுக்கால் அடைபட்டிருக்கலாம். உங்கள் மெஷினில் தண்ணீர் நிற்பதால் அதை விட்டுவிடலாம்.

இது எல்லாம் ஃப்ரண்ட் லோடுக்கு. டாப் லோடு சிலவற்றில் பம்ப்பே கிடையாது, ஒரு வால்வு திறந்து தண்ணீர் தானாக இறங்கும். அவற்றில் ஹோஸைச் சற்று உயர்த்தி வைத்தாலே தண்ணீர் நின்றுவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பம்ப்பில் சத்தமே இல்லை என்றால், மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துக் காயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். 220 வோல்ட்டில் ஓடும் சாதாரண பம்ப்பில் அநேகமாக 100 முதல் 200 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது, தயங்காமல் மாற்றுங்கள். சரியாகக் காட்டினால், பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு வயரிலோ போர்டிலோ இருக்கும், புது பம்ப் போட்டாலும் அதே OE தான் வரும்.