4.9 ஸ்டாரு கிரீமுக்கா, பார்சலுக்கா?

*அக்கா, ஷாப்பீல ஒரு நைட் கிரீம் பார்த்தேன், 39 வெள்ளி, 4.9 ஸ்டாரு, மூவாயிரத்துக்கு மேல ரிவியூ. டிக்டாக்லயும் நம்ம பிள்ளைங்க நிறைய பேரு ஒரே வாரத்துல முகம் வெளுத்துருச்சுன்னு வீடியோ போடுறாங்க. தங்கச்சி கல்யாணம் ரெண்டு மாசத்துல வருது. இதெல்லாம் காசு குடுத்து சொல்ல வச்சதா, நெசமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? – ஜெலுத்தோங், பினாங்கு*

நீங்க அனுப்புன லிங்க்க தொறந்து, நேத்து ராத்திரி பார்மசிய மூடிட்டு வந்து கடைசி நாப்பது ரிவியூவ ஒண்ணு ஒண்ணா எண்ணுனேன்மா. வேலையத்த வேலைதான், ஆனா பத்து நிமிசம் கூட ஆகல.

முதல்ல பாக்க வேண்டியது ஸ்டாருக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்குற வேரியேசன். அந்த ஒரே லிங்க்ல சோப்பு, டோனர், நைட் கிரீம் மூணும் விக்கிறாங்க, ரிவியூ எல்லாம் ஒரே குண்டான்ல விழுது. நாப்பதுல 22 ரிவியூ ஆறு வெள்ளி சோப்புக்கு வந்தது! நீங்க பார்த்த 4.9ல பாதிக்கு மேல நீங்க வாங்கப் போற சாமானுக்கே இல்ல. சில கடைக்காரங்க இத வேணும்னே செய்வாங்க, நல்லா ஓடுற பழைய லிங்க்ல புதுச் சாமான சொருகிட்டா முதல் நாளே ஆயிரம் ரிவியூவோட பொறந்த மாதிரி ஆயிரும்.

மிச்சம் 18. அதுல 11 பேரு எழுதுனது "பாராங் சம்பாய் செப்பாட், பேக்கிங் சந்தேக், பெலும் சூபா லாகி". அதாவது சாமான் சீக்கிரம் வந்துச்சு, பேக்கிங் அழகு, இன்னும் போட்டுப் பார்க்கல. இவங்க யாரும் பொய் சொல்லலமா. பார்சல் வந்த அன்னிக்கே ஆப் ரிவியூ கேக்குது, படம் போட்டா காயின் தருது, அவங்களும் போட்டுட்டுப் போறாங்க, ஆனா அந்த அஞ்சு ஸ்டாரு போஸ்லாஜுக்கும் பபுள் ராப்புக்கும் போய்ச் சேர வேண்டியது. இன்னும் நாலு ரிவியூ ஒரே வாக்கியம், எழுத்துப் பிழை கூட ஒண்ணு போல, ரெண்டு நாளுக்குள்ள வந்திருக்கு. இது எழுத வச்சது. பெரும்பாலும் பார்சலுக்குள்ள ஒரு சின்ன கார்டு இருக்கும், அஞ்சு ஸ்டாரு போட்டு ஸ்கிரீன்சாட் வாட்ஸ்அப் பண்ணா அஞ்சு வெள்ளி திரும்பத் தர்றோம்னு. கார்டு இருக்குற படத்த யாராவது ஒரு ஸ்டாரு ரிவியூல போட்டிருப்பாங்க, அதுக்குத்தான் நான் எப்பவும் ஒண்ணு ரெண்டு மூணு ஸ்டார மட்டும் பில்டர் பண்ணிப் படிக்கச் சொல்றது.

பெரிய பிராண்டு பண்ணாதுன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல சண்டே ரைலினு ஒரு விலை ஒசந்த ஸ்கின்கேர் கம்பெனி, தன் ஆளுங்கள வச்சே செஃபோரா வெப்சைட்ல பொய்ப் பேருல ரிவியூ எழுத வச்சதா அங்க வியாபார மோசடிய கண்காணிக்கிற எஃப்டிசி 2019ல கேசு போட்டுச்சு. எப்படி அக்கவுண்ட் தொறக்கணும், இண்டர்நெட் அட்ரஸ எப்படி மறைக்கணும்னு சொல்லிக் குடுத்ததோட, மோசமான ரிவியூவ பார்த்தா டிஸ்லைக் அடிங்க, நிறைய சேர்ந்தா தூக்கிருவாங்கன்னும் ஈமெயில் போயிருக்கு.

டிக்டாக் கதை வேற. அங்க பெக் கூனிங், அதாவது வாங்குறதுக்கு அமுக்குற மஞ்சப் பை, இருக்குற வீடியோ எல்லாம் விக்கிற வீடியோதான், நீங்க அது வழியா வாங்குனா அவங்களுக்கு கமிஷன். கமிஷன் வாங்குறது தப்பில்ல, எல்லாரும் பொழைக்கணும், ஆனா அத ரிவியூன்னு எடுத்துக்காதீங்க. பெக் கூனிங் இல்லாமலும் காசு வாங்கிருக்கலாம், அதுக்கு நான் பாக்குறது பேச்சு வரிசைய. கம்பெனி அனுப்புற பிரீஃப்ல என்னென்ன சொல்லணும்னு இருக்கும், அதனால நாலு பேரு நாலு வீட்டுல இருந்து பேசுனாலும் "முதல்ல நானும் நம்பல", அப்புறம் "என் மாமியாரே கேட்டாங்க", அப்புறம் "ஸ்டாக் முடியப் போகுது"ன்னு அதே வரிசையில வரும். நீங்க அனுப்புன மூணு வீடியோலயும் மாமியார் வந்துட்டாங்க. பிஃபோர் ஆஃப்டர் படத்துல முகத்த பாக்காதீங்க, பின்னால இருக்குற சுவத்த பாருங்க. ஒண்ணுல முகத்தோட சேர்ந்து சுவரும் வெளுத்திருக்கு லா.

இப்ப நாப்பதுல மிச்சம் இருக்குற மூணு பேருக்கு வர்றேன், நெசமாவே கிரீம போட்டவங்க இவங்க மட்டும்தான். ஒருத்தர் பிசுபிசுன்னு இருக்குன்னு சொல்றாங்க. ஒருத்தர் அஞ்சே நாள்ல வெளுத்துட்டேன்னு எழுதுறாங்க. இன்னொருத்தர் ரெண்டு வாரம் போட்டு நிறுத்துனதும் முகமெல்லாம் செவந்து பரு வெடிச்சிருச்சுன்னு படத்தோட போட்டிருக்காங்க, அதுக்குக் கடைக்காரர் பதில்: "பர்ஜிங் சிஸ், தொடர்ந்து போடுங்க". அதாவது உள்ள இருக்குற அழுக்கு வெளிய வருதாம்.

எனக்கு பயம் அந்த அஞ்சு நாள் ரிவியூ மேலதான், ஏன்னா அது உண்மையா இருக்கலாம். தோலு தன்ன மாத்திக்கவே நாலு வாரம் மாதிரி ஆகும், சாதாரண கிரீம் எதுவும் அஞ்சு நாள்ல வெளுக்க வைக்காது. பாதரசம் வைக்கும், ஹைட்ரோகுவினோனும் பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் கலந்தா சீக்கிரம் மினுமினுக்கும். ஸ்டீராய்டு கிரீம நிறுத்துனா செவந்து வெடிக்கிறது அதோட குணம், அதுக்கு பர்ஜிங்குனு பேரு வச்சு திரும்பப் பூச வைக்கிறாங்க. பாதரசம் தோலு வழியா உள்ள போயி கிட்னிய கெடுக்கும், துண்டு தலகாணி வழியா வீட்டுல உள்ள சின்னப் பிள்ளைங்களுக்கும் ஒட்டும். ஆக, கள்ள ரிவியூவ எல்லாம் கழிச்சுட்டு நல்ல ரிவியூவ மட்டும் நம்புனாலும் மாட்டிக்குவீங்க.

அதனால கடைசியா பாக்குறது ஸ்டார் இல்ல, நம்பர். நம்ம நாட்டுல விக்கிற அழகுச் சாமானுக்கு NOT-ல ஆரம்பிச்சு K-ல முடியிற நோட்டிபிகேசன் நம்பர் இருக்கணும். மருந்து கண்காணிப்பு இலாகாவோட npra.gov.my போயி QUEST3+ங்குற தேடல் பக்கத்துல அந்த நம்பர போட்டுத் தேடுங்க. நம்பர் வருதான்னு மட்டும் பார்த்து விட்டுறாதீங்க, சாமான் பேரும் கம்பெனி பேரும் டப்பால உள்ளதோட ஒத்துப் போகணும். உங்க கிரீம் படத்துல இருந்த நம்பர நான் போட்டேன், வேற கம்பெனியோட பாடி லோஷன் வந்துச்சு. அதே சைட்ல விஷம் கண்டுபிடிச்சு நோட்டிபிகேசன ரத்து பண்ண சாமான் பேரெல்லாம் போடுறாங்க, அதயும் பாருங்க.

நம்பர் சரியா இருந்தாலும் ஒரு விசயம். "லுலுஸ் கேகேஎம்"னு, அதாவது சுகாதார அமைச்சு அங்கீகரிச்சதுன்னு, கடைக்காரங்க பெருமையா போடுவாங்க, ஆனா நோட்டிபிகேசன்னா கம்பெனி தானே விவரம் குடுத்துப் பதிஞ்சது, விக்கிறதுக்கு முன்னாடி யாரும் அந்த டப்பாவ லேப்ல சோதிச்சு சான்றிதழ் குடுக்கல. சந்தையில இருந்து எடுத்து சோதிக்கிறது பின்னாடிதான். இது தெரிஞ்ச கம்பெனி கிரீமுக்கு "லுலுஸ்"னு போடாது, போட்டிருந்தா எனக்கு அங்கயே சந்தேகம்.

இந்தக் கிரீம் வேணாம். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்குல்ல, தெனமும் சன்ஸ்கிரீன், ராத்திரி நயாசினமைட் உள்ளது ஏதாவது, அது போதும், வெளுக்காது ஆனா முகம் தெளிவா இருக்கும். ஏற்கனவே வாங்கிப் பூச ஆரம்பிச்சிருந்தா நிறுத்திட்டு டப்பாவ தூக்கிப் போடாம கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போங்க, கை நடுக்கம், கால் வீக்கம் இருந்தா அதயும் சொல்லி மூத்திரத்துல பாதரசம் பாக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.