மூன்று முயற்சிதானே, பிறந்த தேதி போதாதா?

கேள்வி: எனக்கு 54 வயது, யீஷூனில் இருக்கிறேன். நெட்ஸ் கார்டுக்கும் கைப்பேசிக்கும் என் பிறந்த தேதியைத்தான் பின் நம்பராக வைத்திருக்கிறேன். மகள் மாற்றச் சொல்கிறாள். மூன்று தடவை தப்பாக அழுத்தினால் கார்டு முடங்கிவிடுமே, அப்புறம் திருடன் எப்படிக் கண்டுபிடிப்பான்? சம்பந்தமில்லாத நம்பர் வைத்தால் எனக்குத்தான் மறந்துபோகும். என்ன செய்வது?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கார்டைக் காப்பாற்றுவது அந்த மூன்று முயற்சி வரம்புதான் என்பதைப் பிடித்துவிட்டீர்கள். அது எப்போது காப்பாற்றும், எப்போது கைவிடும் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

நம் ஊர் கார்டுகளுக்கு ஆறு இலக்கம். ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரை பத்து எண்கள் வரலாம். பத்தை ஆறு முறை பெருக்கினால் 10 லட்சம். எண் உண்மையிலேயே குருட்டாம்போக்கில் எடுத்ததாக இருந்தால், மூன்று முயற்சியில் திருடன் ஜெயிக்க 10 லட்சத்தில் 3 வாய்ப்பு. 4டி வாங்குகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு: அதில் நான்கு இலக்கம், மொத்தம் 10,000 எண்கள், ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ஒரே ஓர் எண் வாங்கி ஏதாவது ஒரு பரிசு விழுவதற்கு ஏறக்குறைய 435இல் 1 வாய்ப்பு. அதற்கே வாழ்நாளெல்லாம் காத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் கார்டைத் திருடியவனுக்கு 3,33,333இல் 1 வாய்ப்புதான். இதுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பு.

பிறந்த தேதியை வைத்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு நூற்றாண்டில் 36,525 நாள்கள்தான். 10 லட்சம் எண்களில் மற்ற 9,63,475 எண்களையும் நீங்களே கழித்துக் கொடுத்துவிட்டீர்கள். அவனுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் 12,175இல் 1 வாய்ப்பு. ஐம்பதைத் தாண்டியவர் என்று கார்டு போட்ட கைப்பையைப் பார்த்தே யூகித்தால், பத்து ஆண்டுக்கு 3,652 நாள்கள். வாய்ப்பு சுமார் 1,217இல் 1. பிறந்த ஆண்டு தெரிந்தால் 365 நாள்கள், 122இல் 1. ஆண்டைத் தெரிந்துகொள்வது பெரிய வேலையும் இல்லை. 1968க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களின் ஐசி எண்ணில் எழுத்தை அடுத்து வரும் இரண்டு இலக்கமே பிறந்த ஆண்டுதான்.

இதுவரை சொன்னது கார்டு மட்டும் தொலைந்த கதை. கார்டு மட்டும் தனியாகத் தொலைவது எத்தனை தடவை நடக்கும்? தொலைவது பர்ஸ். அதே பர்ஸில், அடுத்த மடிப்பிலேயே ஐசி இருக்கும். அதன் முன்பக்கத்தில் பிறந்த தேதி முழுசாக அச்சிட்டிருக்கும். எடுத்தவன் 14 ஆகஸ்ட் 1971 என்று படிக்கிறான் என்று வையுங்கள் (உங்கள் தேதி இல்லை, சும்மா ஓர் உதாரணம்). அவன் முதலில் அழுத்துவது 140871. அது இல்லை என்றால் 710814. அதுவும் இல்லை என்றால் 081471. மூன்று முயற்சி, பிறந்த தேதியை வழக்கமாக எழுதும் மூன்று முறை. அவனுக்கு அளந்து கொடுத்ததுபோல் இருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வைத்திருந்தால் முதல் அழுத்திலேயே முடிந்தது.

ஆகவே எத்தனை எண்கள் சாத்தியம் என்பது பாதிக் கேள்விதான். திருடன் எந்த மூன்றை முதலில் போடுவான் என்பதுதான் மீதிப் பாதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் நான்கு இலக்கப் பின் எண்களை ஆராய்ந்து இதையே கணக்கிட்டார்கள். பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையோடு பர்ஸ் கிடைத்தால், விவரமான திருடன் 11 முதல் 18 பர்ஸுக்கு ஒரு முறை கார்டைத் திறந்துவிடுவான் என்பது அவர்கள் கணிப்பு. எல்லோரும் குருட்டாம்போக்கில் எண் வைத்திருந்தால் அது ஆயிரக்கணக்கான பர்ஸுக்கு ஒரு முறை என்று போயிருக்கும்.

“அப்படியானால் வீட்டு அஞ்சல் குறியீட்டை வைக்கிறேன், அதுவும் ஆறு இலக்கம்தானே” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஐசியைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். பின்பக்கத்தில் முகவரி. பிள்ளையின் பிறந்த நாளும் கல்யாண நாளும் அவ்வளவு மோசமில்லைதான். ஆனால் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வருஷா வருஷம் வாழ்த்து குவிகிற தேதிகள் அவை.

கைப்பேசிக்கு வருவோம். முகத்தைக் காட்டித் திறக்கிறேன், பின் எண் எதற்கு என்று நினைக்காதீர்கள். முகமோ விரலோ ஒத்துவராவிட்டால் போன் பின் எண்ணைத்தான் கேட்கும்; அணைத்துப் போட்டாலும் முதலில் அதைத்தான் கேட்கும். முகம் ஒரு குறுக்கு வழி, கதவு பின் எண்தான்.

ஐபோனில் பின் எண்ணைச் சரிபார்க்க ஒவ்வொரு முயற்சிக்கும் சுமார் 80 மில்லிசெகண்ட் ஆகும்படி வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கிறார்கள். முயற்சி வரம்பு மட்டும் இல்லாமல் ஒரு கருவி வரிசையாக எண்களைப் போட்டுக்கொண்டே போகலாம் என்று வையுங்கள். நான்கு இலக்க எண்கள் 10,000உம் 800 விநாடியில், அதாவது கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நூறு ஆண்டின் பிறந்த தேதிகள் எல்லாம் 49 நிமிடத்தில். ஆறு இலக்கம் முழுவதற்கும் 22 மணி நேரம். அதாவது ஆறு இலக்க எண் தன் சொந்தப் பலத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. அதைத் தாங்க வைப்பது வரம்புதான்: சில முறை தப்பானதும் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து, பதினைந்து என்று காக்கவைத்து, பத்தாவது தப்போடு போன் பூட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் பிறந்த தேதி தெரிந்தவனுக்குப் பத்து முயற்சி தாராளம். மேலே சொன்ன மூன்றும் போக 081971, 197108, 141971 எல்லாம் போட்டுப் பார்க்க இடம் இருக்கிறது.

(இதனால்தான் பூட்டிய பிடிஎஃப் கோப்புகளுக்குத் தேதியையோ ஐசி எண்ணையோ கடவுச்சொல்லாக வைப்பது எனக்குப் பிடிக்காது. கோப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு வரம்பே கிடையாது. கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும். ஐசி எண்ணை வைத்து ஆளை உறுதிசெய்யும் பழக்கத்தை நிறுத்தும்படி 2025 ஜூனில் நம் அரசாங்க அமைப்புகளே நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டன.)

சரி, சம்பந்தமில்லாத எண்ணை எப்படி எடுப்பது? மனசில் தோன்றியதை எழுதாதீர்கள். மனசு எப்போதும் ஏதாவது ஒரு தேதியையோ, பழைய வீட்டு எண்ணையோ, விசைப்பலகையில் நேர்க்கோட்டில் வரும் 258ஐயோ எடுத்து நீட்டும். ஒரு பகடையும் ஒரு வெள்ளி நாணயமும் போதும். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். நாணயத்தில் மெர்லயன் விழுந்தால் பகடை காட்டும் எண்ணே உங்கள் இலக்கம், 1 முதல் 5 வரை. சின்னம் உள்ள பக்கம் விழுந்தால் பகடையோடு 5ஐக் கூட்டுங்கள்: 6, 7, 8, 9, பத்து வந்தால் 0. பகடையில் 6 விழுந்தால் அந்த ஆட்டம் செல்லாது, இரண்டையும் மறுபடி போடுங்கள். இப்படிப் பத்து இலக்கத்துக்கும் சமமான வாய்ப்பு கிடைக்கும். இரண்டு பகடையைப் போட்டுக் கூட்டுகிறவர்கள் உண்டு. அது தப்பு. அதில் 36 வகையில் 7 ஆறு வகையில் வரும், 2 ஒரே ஒரு வகையில்தான் வரும்.

நான் சமையல் மேசையில் போட்டுப் பார்த்தேன். சின்னம், 4: ஒன்பது. மெர்லயன், 2: இரண்டு. அடுத்தது பகடையில் 6, செல்லாது. மறுபடி மெர்லயன், 2. சின்னம், 5: பூஜ்யம். மெர்லயன், 4. சின்னம், 3: எட்டு. ஆக 922048. இரண்டு 2 பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டதே என்று கலைக்கத் தோன்றும். கலைக்காதீர்கள். ஒரே இலக்கம் திரும்ப வரக்கூடாது என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் 1,51,200 ஆகச் சுருங்கிவிடும். பிடித்த எண் வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தாலும் கதை அதுதான். பிடித்த எண் என்றால் அது மறுபடி உங்கள் மனசின் எண். 111111, 123456 மாதிரியோ உங்கள் வீட்டுத் தேதி மாதிரியோ அபூர்வமாக விழுந்தால் மட்டும் திரும்பப் போடுங்கள். இங்கே அச்சாகிவிட்டதால் 922048ஐ நீங்களும் வைக்க வேண்டாம்.

மறதி பற்றி. எண் வந்த பிறகு அதற்கு ஒரு கதை கட்டலாம், அதில் தவறில்லை. கதையிலிருந்து எண்ணை எடுப்பதுதான் ஆபத்து. “922ஆம் நம்பர் பஸ், நள்ளிரவு தாண்டி 0 மணி 48 நிமிஷத்துக்கு வந்தது” என்று சொல்லிப் பாருங்கள், ஆறு இலக்கம் இரண்டு துண்டாகிவிடும். முதல் இரண்டு வாரம் கடையில் கார்டைத் தட்டிவிட்டு வராமல், எண் அழுத்தும்படி நெட்ஸில் கட்டுங்கள். தேக்காவில் மீன் வாங்கும்போதும் ஃபேர்பிரைஸிலும் நாலு தடவை அழுத்தினால் விரலுக்கே பழகிவிடும். எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில், ஆவணங்களோடு வையுங்கள், எதன் எண் என்று எழுதாமல். பர்ஸில் வேண்டாம், போனில் ‘ஏடிஎம் மாமா’ என்ற பெயரில் சேமிக்கவும் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். கடையில் இரண்டு முறை தப்பிவிட்டால் மூன்றாவதை அழுத்தாதீர்கள். ரொக்கம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தாளைப் பாருங்கள்.

கார்டுக்கும் போனுக்கும் வேறு வேறு எண் வேண்டும். போன் எண்ணை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை எம்ஆர்டியில் பக்கத்தில் நிற்பவர் பார்க்க அழுத்துகிறீர்கள். பார்த்தவனுக்கு வரம்பும் தடையல்ல, கணக்கும் தேவையில்லை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிக் குழம்பாதீர்கள். முதலில் கார்டு. பல வங்கிகளின் ஏடிஎம் இயந்திரத்திலேயே பழைய எண்ணைப் போட்டுப் புதியதை வைக்கலாம். அது விரலில் நின்ற பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, பகடையை மறுபடி எடுத்துப் போனுக்கு. ஐபோன் என்றால் அமைப்புகளில் Face ID & Passcode உள்ளே போய் Change Passcode. அதே பக்கத்தின் அடியில் Erase Data என்று ஒன்று இருக்கும். பத்துத் தப்புக்குப் பிறகு போனில் உள்ளதை அழித்துவிடும். பேரப்பிள்ளைகள் போனை எடுத்து விளையாடும் வீடு என்றால், படங்களுக்கு வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை இயக்குங்கள்.