ரயில் நம்பகத்தன்மை எண்ணை எப்படிச் சோதிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு அமைப்புகள் வெளியிடும் செயல்திறன் எண்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில்களைப் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை அந்த ரயில்களின் நம்பகத்தன்மைக் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் கணக்குகளில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தப் பாதையின் உண்மையான விவரமும் அல்ல.

பழுதுகளுக்கு இடையே ரயில்கள் சராசரியாக ஒரு மில்லியன் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன என்கிறார்கள். நான் மட்டும் எப்படி அடிக்கடி தாமதத்தில் மாட்டிக்கொள்கிறேன்? எண் பொய்யா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

எண்ணும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் அனுபவமும் பொய்யில்லை. எம்கேபிஎஃப் எனப்படும் இந்தக் குறியீட்டில், ரயில்கள் ஓடிய மொத்தத் தூரத்தை, 5 நிமிடத்துக்கு மேல் தாமதம் ஏற்படுத்திய பழுதுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் 2020ஆம் ஆண்டுக்கென வைத்திருந்த ஒரு மில்லியன் ரயில்-கிலோமீட்டர் இலக்கை எம்ஆர்டி கட்டமைப்பு 2019இலேயே எட்டியது. நீங்கள் நடைமேடையில் நான்கு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தது இந்தக் கணக்கில் சேராது.

தணிக்கை செய்பவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு பாதையில் ஆண்டுக்கு 6 மில்லியன் கிலோமீட்டர் ஓடி, 6 பழுதுகள் பதிவாகியிருந்தால் விடை சரியாக ஒரு மில்லியன். அந்த ஆறில் ஒன்று பட்டியலிலிருந்து விடுபட்டால் விடை 1.2 மில்லியன், ஒன்று கூடினால் ஏறத்தாழ 857,000. தூரத்தில் ஒரு விழுக்காடு பிழை இருந்தால் விடையிலும் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் மாறும். பழுதுப் பட்டியலில் ஒரே ஒரு வரி விடுபட்டால் விடை ஐந்தில் ஒரு பங்கும், ஒன்று கூடினால் ஏழில் ஒரு பங்கும் மாறிவிடுகிறது. ஆகவே உழைப்பை எங்கே செலுத்த வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

உள் தணிக்கைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பழுதுப் பட்டியலைக் கையில் கொடுத்தால் எதிலிருந்து தொடங்குவது? (ஜூரோங் வாசகி)

பெரும்பாலோர் பட்டியலில் உள்ள சம்பவங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சோதனையில் தெரிவது, எழுதப்பட்டவை நடந்தனவா என்பது மட்டுமே. நடந்தவை எல்லாம் எழுதப்பட்டனவா என்று அறிய எதிர்த்திசையில் நடக்க வேண்டும். பட்டியலைத் தயாரித்தவர்களின் கை படாத பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். சமிக்ஞைக் கட்டமைப்பு தானாகப் பதியும் வருகை, புறப்பாட்டு நேரங்கள், கட்டுப்பாட்டு அறையின் நாட்குறிப்பு, பணிமனையின் பழுதுபார்ப்பு ஆணைகள், நிலையங்களில் செய்யப்பட்ட தாமத அறிவிப்புகள் ஆகியவை அத்தகையவை. இவற்றில் உள்ள ஒரு பெரிய தாமதம் பட்டியலில் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதற்கு அன்றே எழுதப்பட்ட காரணம் இருக்க வேண்டும். ஆண்டு முடிந்தபின் எழுதப்பட்ட காரணத்தை நான் அரைச் சான்றாகத்தான் கொள்வேன்.

அடுத்து எல்லைக்கோட்டுக்கு அருகில் உள்ளவற்றைப் பாருங்கள். ஒரு ரயில் 8:02:00க்குப் புறப்பட்டு, அடுத்த நிலையத்தை 8:05:00க்கு அடைய வேண்டும். அது 8:04:10க்குச் சுரங்கப்பாதையில் நின்று, 8:09:00க்கு மீண்டும் நகர்ந்து, வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு 8:10:20க்கு நிலையத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் நின்றிருந்த நேரம் 4 நிமிடம் 50 விநாடி. பயணி தாமதமாகச் சென்றடைந்தது 5 நிமிடம் 20 விநாடி. முதல் முறையில் அளந்தால் இது பழுதுக் கணக்கில் வராது, இரண்டாம் முறையில் வரும். யாரும் எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் விடை மாறிவிடுகிறது. எனவே எந்த நொடியில் அளவு தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று விதி எழுதப்பட்டிருக்கிறதா, எல்லாப் பாதைகளிலும், எல்லா ஆண்டுகளிலும் அதே விதிதானா என்று கேளுங்கள். பின்னர் மூல நேரப் பதிவுகளிலிருந்து சில தாமதங்களை நீங்களே மீண்டும் கணக்கிடுங்கள்.

கடைசியாக, 3 முதல் 7 நிமிடம் வரையிலான எல்லாத் தாமதங்களையும் அரை நிமிட இடைவெளிகளாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். இயல்பாக, நேரம் கூடக் கூட எண்ணிக்கை மெல்லக் குறைந்துகொண்டே வரும். நாலரை முதல் ஐந்து நிமிடம் வரை ஒரு வீக்கமும் அதற்கடுத்த அரை நிமிடத்தில் ஒரு பள்ளமும் தென்பட்டால், அந்தப் பதிவுகளில் நேரம் திருத்தப்பட்டதா, திருத்தியது யார், எப்போது என்ற வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். வீக்கமே குற்றத்துக்குச் சான்றாகிவிடாது; கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் ஐந்து நிமிடத்துக்குள் ரயிலை நகர்த்த உண்மையாகவே முயன்றிருக்கலாம். தானியங்கிப் பதிவும் கைப்பதிவும் ஒத்துப்போகின்றனவா என்பதை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம்.

ஐந்து பாதைகளின் எண்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தேன். அறிக்கையில் உள்ள மொத்த எண் வரவில்லையே? (தெம்பனிஸ் வாசகர்)

வராமல் இருப்பதே சரி. முதல் பாதை 6 மில்லியன் கிலோமீட்டர் ஓடி 3 பழுதுகளைக் கண்டால் அதன் எண் 2 மில்லியன். இரண்டாம் பாதை 2 மில்லியன் கிலோமீட்டர் ஓடி 4 பழுதுகளைக் கண்டால் அதன் எண் 5 லட்சம். இரண்டின் சராசரி 1.25 மில்லியன், ஆனால் மொத்தம் 8 மில்லியன் கிலோமீட்டருக்கு 7 பழுதுகள் என்பதால் சரியான விடை சுமார் 1.14 மில்லியன். B பத்தியில் தூரமும், C பத்தியில் பழுதும், D பத்தியில் பாதைவாரி விடையும் இருந்தால், முதல் வரிதான் சரி, இரண்டாவது தவறு:

```
=SUM(B2:B6)/SUM(C2:C6)
=AVERAGE(D2:D6)
```

ஒரு பாதையில் பழுதே இல்லையென்றால் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து பிழைச் செய்தி வரும். அதை மறைக்க `IFERROR` போட்டு வெற்றிடமாக்கினால், `AVERAGE` அந்தப் பாதையைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மிகச் சிறப்பாக ஓடிய பாதையே கணக்கில் காணாமல் போகும். மாதவாரி எண்களின் சராசரியை ஆண்டு எண்ணாகக் காட்டும்போதும் இதே கோளாறுதான்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வெளிநாட்டு ரயில் நிறுவனங்கள் தூரத்தைப் பெட்டி-கிலோமீட்டரில் சொல்கின்றன. ஆறு பெட்டிகள் கொண்ட ரயிலுக்கு அந்த எண் ஆறு மடங்காகத் தெரியும்.

2024 செப்டம்பரில் கிழக்கு-மேற்குப் பாதையில் ஆறு நாள் சேவை தடைப்பட்டது. அதுவும் ஒரே பழுதுதானா? (பூன் லே வாசகர்)

இந்தச் சூத்திரத்தின்படி ஆம். செப்டம்பர் 25 முதல் 30 வரை நீடித்த தடையும் ஆறு நிமிடத் தாமதமும் வகுக்கும் எண்ணில் தலா ஒன்றுதான். எண் நம்பகமானதா என்பதும், அது பயணிக்கு முக்கியமானதைச் சொல்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். மூலப் பதிவுகளும் கணக்கும் பழுதற்றிருந்தாலும், இந்தக் குறியீடு தடையின் நீளத்தைப் பற்றி வாய் திறக்காது. ஆகவே 30 நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதங்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே படியுங்கள். ஆறு நாளும் ஆறு நிமிடமும் அதில் சமமாகிவிடாது என்றாலும், ஆறு நாளும் முப்பத்தைந்து நிமிடமும் அங்கேயும் சமம்தான்.

இத்தகைய எண்களுக்குத் தணிக்கையாளர் சான்று தருவதில்லையா? (செங்காங் வாசகி)

நம் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்தின் ஆண்டறிக்கை, ஒவ்வொரு அமைப்பின் செயல்திறன் எண்ணுக்கும் தரப்படும் சான்றிதழ் அன்று. நிதிநிலை அறிக்கைகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட துறைகளுமே அதன் களம். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே அரசு அமைப்புகளின் செயல்திறன் குறியீடுகள் பொருத்தமானவையா, உண்மையான செயல்பாட்டை நியாயமாகக் காட்டுகின்றனவா என்று தலைமைக் கணக்காய்வாளர் நிதிக் கணக்கோடு சேர்த்து ஆண்டுதோறும் கருத்துரை தருகிறார்.