இரவில் படபடப்பு: சூடு முதலில் வந்ததா, துடிப்பு முதலில் வந்ததா?

"எனக்கு 50 வயது. கடைசியாக மாதவிலக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு மாதமாக நடு இரவில் உடம்பு கொதித்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். நைட்டி நனைந்துவிடுகிறது. முடி கொட்டுகிறது, முழங்கால் வலி, வயிறு உப்புசமும் உண்டு. எங்கள் தெருவில் என் வயதுப் பெண் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். ஈசிஜி நார்மல் என்றார்கள், பயம் போகவில்லை. மெடிக்கலில் கேட்டு, படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை வாங்கி நாலைந்து இரவு போட்டேன். சர்க்கரைக்கு இரவில் கிளிமிப்பிரைடும் மெட்பார்மினும் சாப்பிடுகிறேன்."

மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் சூடு ஏறி, அதோடு துடிப்பு கூடி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கி, பிறகு போர்வையைத் தேடும் அளவுக்குக் குளிர்கிறது என்றால், அது மாதவிடாய் நிற்கும் காலத்து ஹாட் ஃப்ளஷ். மாரடைப்பு இந்த வரிசையில் வருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் கண்காணிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியின் பொறுமை குறைந்துவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய மிகச் சிறிய வெப்ப உயர்வைக்கூட அது ஆபத்தாக எடுத்துக்கொண்டு, உடலைக் குளிர்விக்க உத்தரவிடுகிறது. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அங்கே கூடுதல் ரத்தத்தை அனுப்புவதற்காக இதயம் வேகம் எடுக்கிறது. பொதுவாக நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்புகள்தான் கூடும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிப்பவருக்கு, அதுவும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தால், அந்தச் சிறிய உயர்வே நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்கும்.

முடி உதிர்வு, முழங்கால் வலி, வயிற்று உப்புசம் மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சூடே இல்லாமல் துடிப்பு மட்டும் வரும் இரவு உண்டா? ஹாட் ஃப்ளஷின் துடிப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். கடிகார முள் போலச் சீராகவும் இருக்கும். இதயத்தின் மின்னோட்டப் பாதையில் கோளாறு இருந்தால் வரும் துடிப்போ, சுவிட்சைப் போட்டாற்போல் ஒரே நொடியில் தொடங்கும், உடம்பில் சூடு இருக்காது, எண்ண முடியாத வேகத்தில் ஓடும், சிலருக்குச் சுவிட்சை அணைத்தாற்போலவே நிற்கும். இன்னொரு வகையில் வேகத்தைவிடத் தாளம்தான் கெட்டுப்போகும்: இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, நடுவில் ஒன்று காணாமல் என்று ஒழுங்கே இல்லாமல் அடிக்கும். இந்த இரண்டாவது வகையைக் கவனிக்காமல் விட்டால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதம் வரக்கூடும் என்பதால், "மெனோபாஸ் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சூடில்லாமல் தொடங்கும் துடிப்பு, தாளம் தப்பும் துடிப்பு, துடிப்போடு கண் இருட்டி மயங்கி விழப்போவதுபோன்ற உணர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மயங்கியே விழுந்தால் அன்றே போக வேண்டும்.

ப்ரோப்ரனலாலை இன்றோடு நிறுத்துங்கள். நாலைந்து முறை மட்டுமே போட்டிருப்பதால் உடனே நிறுத்துவதில் ஆபத்து இல்லை. வாரக்கணக்கில் தினமும் போட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும். இந்த மருந்து ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்பதைக்கூட விசாரிக்காமல் கடையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கிளிமிப்பிரைடு இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரை. இரவு உணவு குறைந்துபோன நாளில் அது நள்ளிரவில் சர்க்கரையை 70க்குக் கீழே இறக்கிவிடக்கூடும். அப்போது உடல் அனுப்பும் எச்சரிக்கைகள் படபடப்பும் நடுக்கமும் வியர்வையும்தான். ப்ரோப்ரனலால் அவற்றில் முதல் இரண்டையும் மறைத்துவிடும். அதாவது, நீங்கள் அடக்க நினைத்த படபடப்பு, சர்க்கரை இறங்குவதைச் சொல்ல வந்த குரலாக இருந்திருக்கலாம். வியர்வையோடு விழித்தால் முதல் வேலையாகக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்படி ஒரே ஒரு முறை வந்தாலும் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் சர்க்கரை மருத்துவருக்கு மறுநாளே தெரிவியுங்கள்.

ஈசிஜி நார்மல் என்பதை நான் நம்புகிறேன், ஆனால் அது எடுக்கப்பட்டது பகலில், படபடப்பு இல்லாதபோது, சுமார் பத்து விநாடிகளுக்கு. நள்ளிரவு இரண்டு மணிக்கு நடந்ததை அதில் தேட முடியாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் விநாடி முள் உள்ள கடிகாரமும் தலைமாட்டில் இருக்கட்டும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளி ஓரத்தில், ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் தொட்டால் அதன் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் அதிலும் பார்க்கலாம், ஆனால் தாளம் தப்பும்போது அது குறைத்துக் காட்டக்கூடும், விரலை நம்புங்கள். இரவில் மணியையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்தால் போதும். காலையில் எழுந்து, சூடு முதலில் வந்ததா துடிப்பு முதலில் வந்ததா, தாளம் சீராக இருந்ததா, எத்தனை நிமிடம் நீடித்தது, எப்படி நின்றது, முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள், சர்க்கரை எவ்வளவு என்று மீதியை நிரப்புங்கள்.

இப்படிக் குறித்து வைப்பதால் என்ன தெரியும் என்பதற்கு என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். 52 வயது, பள்ளி ஆசிரியை. மூன்று முறை எடுத்த ஈசிஜியும் நார்மல், எல்லாம் மெனோபாஸ்தான் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவர் நோட்டில் 17 பதிவுகள் இருந்தன. பதினான்கில், "சூடு, பிறகு துடிப்பு, 30 விநாடியில் 44, மூன்று நிமிடம், அப்புறம் குளிர்" என்பது போலவே இருந்தது. நிமிடத்துக்கு 88, கவலைப்பட ஏதுமில்லை. மீதி மூன்று வேறு மாதிரி இருந்தன. "சூடு இல்லை. புரண்டு படுத்ததும் ஆரம்பம். எண்ண முடியவில்லை. 25 நிமிடம். சட்டென்று நின்றது. பிறகு இரண்டு முறை நிறைய சிறுநீர்" என்று அடுத்தடுத்து எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை அவர் தயக்கத்தோடுதான் சேர்த்திருக்கிறார், எனக்கோ அதுவே முக்கியமாகப்பட்டது. இதயத்தின் மேலறைகள் மிக வேகமாகத் துடித்து விரிவடையும்போது சிறுநீரைப் பெருக்கும் ஓர் ஹார்மோன் சுரக்கிறது. ஹாட் ஃப்ளஷில் அப்படி நடப்பதில்லை.

24 மணி நேரம் உடலில் மாட்டும் ஹோல்ட்டர் கருவியை முதலில் பொருத்தினோம், அதில் ஒன்றும் பதிவாகவில்லை. இரண்டு வாரத்தில் மூன்று முறை மட்டுமே வருவது, நாம் தேர்ந்தெடுத்த ஒரே நாளில் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை அல்லவா. அதனால் அடுத்த முறை தொடங்கியதும், அடங்கட்டும் என்று காத்திருக்காமல், வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறதோ அங்கே போய் ஈசிஜி எடுக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து அதிகாலையில் அந்தத் தாளோடு வந்தார்: நிமிடத்துக்கு 180, சீரான தாளம். அது பிறவியிலேயே இருந்த கூடுதல் மின்பாதையால் வரும் வேகத் துடிப்பு, இன்றைக்குக் குணப்படுத்தக்கூடியது. நோட்டு இல்லாமல் வந்திருந்தால், அந்த மூன்று இரவுகள் பதினான்கு ஹாட் ஃப்ளஷ்களுக்குள் மறைந்துபோயிருக்கும்.

உங்கள் நோட்டில் எல்லா வரியிலும் சூடு முன்னால் இருந்து, எண்ணிக்கை 60க்குக் கீழே, அதாவது நிமிடத்துக்கு 120க்குக் கீழே இருந்து, தாளம் சீராக, ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியிருந்தால், இதயத்தைப் பற்றிய கேள்வி ஏறத்தாழ முடிந்துவிடும். அப்போதும் தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின் இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், மாதவிலக்கு நிற்பதற்கு முன் அதிக ரத்தப்போக்கால் ரத்தசோகை வந்திருந்தாலும் இதே படபடப்பு வரும். பிறகு சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வரும் ஹாட் ஃப்ளஷுக்கு ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, இதய நோய் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. சர்க்கரை நோயாளியான உங்களுக்கு மகப்பேறு மருத்துவர் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்றால் இரவில் எடுக்கும் வேறு மருந்துகளும் உள்ளன. இணையத்தில் விற்கும் "மெனோபாஸ் மூலிகை" டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. சர்க்கரை மாத்திரையோடு அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ஒரே ஒரு இரவில் மட்டும் நோட்டைத் தேடக் கூடாது. சூடு இல்லாமல் சில்லென்ற வியர்வை, நெஞ்சில் பாறை வைத்தாற்போன்ற அழுத்தம், அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுவது, மூச்சுத் திணறல், பதினைந்து நிமிடத்திலும் அடங்காமல் நீடிப்பது: இப்படி இருந்தால் வீட்டாரை எழுப்பி 108ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமல், மூச்சிரைப்பும் குமட்டலும் மட்டும் வருவதுண்டு, அதையும் உங்கள் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டோடு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பாதி தீர்ந்த ப்ரோப்ரனலால் அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.