தோலின் வெப்பநிலை ஏன் 36.5 டிகிரி காட்டுகிறது?

கேள்வி: ஐயா, நான் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. முன்கையில் தோலிலிருந்து 3 செ.மீ. ஆழம் வரை நிலையான வெப்பநிலையைக் கணக்கிடும் நிரல் ஒன்றைப் புராஜெக்ட் சென்டரில் வாங்கினேன். அறை 25 டிகிரி என்று கொடுத்தால் தோல் 36.5 டிகிரி வருகிறது. வளர்சிதை வெப்பத்தைப் பூஜ்யமாக்கினாலும் வரைபடம் அசையவில்லை. ‘அவுட்புட் சரிதான்’ என்கிறார்கள். வைவாவில் கேட்டால் என்ன சொல்வது? அளவீட்டுத் தாளை இணைத்துள்ளேன்.

பதில்: அவுட்புட் சரியில்லை. ஆனால் நீங்கள் சந்தேகப்படும் இரண்டில் ஒன்று மட்டுமே பிழை. தோலின் 36.5 டிகிரி தவறானது. வளர்சிதை வெப்பத்தை நீக்கியும் வரைபடம் ஏறத்தாழ அப்படியே நிற்பது பெரும்பாலும் இயல்பானது.

ஹாரி பென்னஸ் 1948-இல் முன்கையில் செய்த அளவீடுகளை விளக்க முன்வைத்த சமன்பாட்டைத்தான் உங்கள் நிரல் தீர்க்கிறது:

```
k·T'' + W·(Ta − T) + q = 0
W = ω·ρ·c
```

இதில் T திசுவின் வெப்பநிலை, Ta தமனி ரத்தத்தின் வெப்பநிலை, k திசுவின் வெப்பக் கடத்துதிறன், ω ரத்த ஊடுபாய்வு, ρ, c இரண்டும் ரத்தத்தின் அடர்த்தியும் தன்வெப்பமும், q வளர்சிதை வெப்பம். முதல் உறுப்பு திசுவின் வழியே கடத்தப்படும் வெப்பம். இரண்டாவது, ரத்தம் கொண்டுவரும் அல்லது எடுத்துச் செல்லும் வெப்பம். மூன்றாவது, திசு தானே உண்டாக்கும் வெப்பம். ரத்தம் திசுவைக் குளிர்விக்கும் என்றே பலர் படித்திருப்பார்கள். திசு தமனி ரத்தத்தைவிடச் சூடாக இருக்கும் இடத்தில் மட்டும் அது உண்மை. குளிர்ந்த அறையில் தோலை ஒட்டிய திசு 37 டிகிரிக்குக் கீழே இருப்பதால், அங்கே அதே உறுப்பு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

உங்கள் தாளில் ரத்த ஊடுபாய்வு ‘100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 3 மி.லி.’ என்று உள்ளது. ஓய்வில் இருக்கும் முன்கைக்கு அது பொருத்தமான மதிப்பே. ஆனால் சமன்பாட்டின் மற்ற அளவுகள் எல்லாம் வினாடிக் கணக்கில் இருப்பதால், இதையும் வினாடிக்கு மாற்றியாக வேண்டும். நிரலில் இந்த வரியைத் தேடுங்கள்:

```
omega = 3/100        # தவறு: நிமிடக் கணக்கு
omega = 3/100/60     # சரி: 0.0005
```

60-ஆல் வகுக்க மறந்தால் ரத்தம் 60 மடங்கு வேகமாகப் பாய்வதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. அப்போது தோலுக்கு 5 மி.மீ. கீழேயே திசு ஏறத்தாழ 37 டிகிரியை எட்டிவிடும், தோலோ 36.5 டிகிரியில் நிற்கும். உங்களுக்கு வந்த எண் இதோடு அப்படியே பொருந்துவதால், பிழை இந்த வரியில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

சரியான மதிப்பை வைத்துப் பார்ப்போம். திசுவின் வெப்பக் கடத்துதிறன் 0.5, வளர்சிதை வெப்பம் கனமீட்டருக்கு 400 வாட், ரத்தத்தின் அடர்த்தி 1050, தன்வெப்பம் 3600, காற்று அசையாத அறையில் தோலிலிருந்து வெப்பம் வெளியேறும் கெழு 10, தமனி ரத்தமும் உள்ளே 3 செ.மீ. ஆழத்துத் திசுவும் 37 டிகிரி என்று கொள்ளுங்கள். W இப்போது 1890 ஆகிறது. தோல் 34.3 டிகிரியும், 1 செ.மீ. ஆழத்தில் 35.7-உம், 2 செ.மீ. ஆழத்தில் 36.5-உம் வரும். முதல் சென்டிமீட்டரில் ஏற்றம் 1.4 டிகிரி, கடைசி சென்டிமீட்டரில் 0.5 டிகிரிதான்; கோடு இப்படித் தோலருகே செங்குத்தாகவும் உள்ளே தட்டையாகவும் வளைவதுதான் ரத்த ஓட்டத்தின் அடையாளம். ரத்தத்தை அறவே நிறுத்திக் கணக்கிட்டால் தோல் 32.7 டிகிரிக்கு இறங்கும். கோடும் ஏறக்குறைய நேர்கோடாகிவிடும்.

வளர்சிதை வெப்பம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு வெப்பக் கணக்கே விடை. தோலின் ஒரு சதுரமீட்டரிலிருந்து 92.76 வாட் வெளியேறுகிறது. அதில் ரத்தம் தருவது 58.33, ஆழத்திலிருந்து கடத்தலால் வருவது 22.43, அந்த 3 செ.மீ. திசு தானே உண்டாக்குவது வெறும் 12. அந்த 12-ஐ நீக்கினாலும் ரத்தமும் ஆழத்துத் திசுவும் ஈடுகட்டிவிடுவதால், தோலின் வெப்பநிலை 0.1 டிகிரிதான் குறைகிறது. உங்கள் தவறான நிரலில் இந்த மாற்றம் 0.003 டிகிரி மட்டுமே என்பதால் கண்ணுக்கே தெரியவில்லை. ரத்தம், கடத்தல், திசு மூன்றும் தரும் வெப்பத்தின் கூட்டல் வெளியேறும் வெப்பத்துக்குச் சமமாக வருகிறதா என்று எந்த நிரலிலும் பார்க்கலாம். எந்தப் புள்ளியும் 37 + q/W, அதாவது இங்கே 37.2 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு சோதனை. ரத்த உறுப்பின் குறியைத் தலைகீழாக எழுதிவிட்ட நிரல்கள் இந்த இரண்டில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. தோல் 34 டிகிரி வர வேண்டும் என்று நீங்கள் அந்த சென்டரிடம் போய்ச் சொன்னால், அவர்கள் 34 டிகிரி வரும்படி செய்து கொடுப்பார்கள். ரத்தத்தின் பிழையைத் தொடாமல், வெப்பம் வெளியேறும் கெழுவை 10-லிருந்து 70-க்கு ஏற்றினால் தோல் அழகாக 34.3 காட்டும். 70 என்பது அசையாத காற்றுள்ள அறைக்கு உரியதே அல்ல, பலத்த காற்றில் கையை நீட்டிய நிலை. தோலின் ஒரே எண்ணைப் பார்த்து ‘பொருந்திவிட்டது’ என்று ஏமாறுகிறவர்கள் ஏராளம். 1 செ.மீ. ஆழத்தில் என்ன வருகிறது என்று கேளுங்கள். 37 என்று வந்தால் அது ஒட்டுப்போட்ட நிரல். பணம் வாங்கிக்கொண்டு ஒரே நிரலைத் தலைப்பு மாற்றி ஆண்டுதோறும் விற்பவர்களுக்கு இந்தப் பிழை தெரியாமல் இருப்பது வியப்பில்லை. அறிக்கையின் பக்க எண்ணிக்கையையும் பைண்டிங்கையும் சரிபார்க்கும் கல்லூரிகள் அலகுகளைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால், இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வைவாவில் அது வரும். மேல்தோலில் ரத்தக் குழாய்களே இல்லை. கொழுப்பு அடுக்கிலும் ஊடுபாய்வு மிகக் குறைவு. அங்கே W-ஐப் பூஜ்யமாக வைத்தால், மேலே சொன்ன q/W என்பது பூஜ்யத்தால் வகுப்பதாகிவிடும். நிரல் `nan` என்று காட்டும், இல்லாவிட்டால் அபத்தமான பெரிய எண்ணைக் காட்டும். அதைத் தவிர்ப்பதற்காக W-க்கு ஏதோ ஒரு சிறு எண்ணைத் திணிப்பது தீர்வல்ல. ரத்தம் இல்லாத அடுக்கில் சமன்பாட்டின் தீர்வே வேறு: அடுக்கேற்றச் சார்புகள் போய், நேர்கோடோ மிக மெல்லிய பரவளையமோ வரும். ஆகவே அந்த அடுக்கைத் தனியாகத் தீர்த்து, எல்லையில் வெப்பநிலையும் வெப்பப் பாய்வும் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி இணைக்க வேண்டும். நம் கணக்கின் மேலே கடத்துதிறன் 0.2 உள்ள 2 மி.மீ. கொழுப்பைச் சேர்த்தால், கொழுப்பின் அடியில் 34.5 டிகிரியும் தோலில் 33.6 டிகிரியும் வரும். அதாவது 2 மி.மீ. கொழுப்பு தோலின் வெப்பநிலையை 0.7 டிகிரி மாற்றுகிறது, 3 செ.மீ. திசுவின் மொத்த வளர்சிதை வெப்பமோ 0.1 டிகிரிதான் மாற்றுகிறது.

எனவே வைவாவில் 36.5-ஐ நியாயப்படுத்த முயலாதீர்கள். வகுத்தலைத் திருத்துங்கள், 0, 1, 2, 3 செ.மீ. ஆழங்களின் மதிப்புகளையும் அந்த 92.76 வாட்டின் பிரிவையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். கொழுப்பு அடுக்கோடும் இல்லாமலும் இரு கோடுகளை ஒரே வரைபடத்தில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள்.