ஏர் கூலர் வீடியோவால் புகார் குறைந்ததா?

"காட்பாடியில் ஏர் கூலர் விற்கிறோம். பம்ப் சுத்தம் செய்யும் வீடியோவை மே கடைசியில் போட்டோம். மே மாதம் 240 டிக்கெட், ஜூனில் 180. வீடியோதான் காரணமா?"

மொத்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. கத்திரி முடிந்தால் வேலூரில் கூலர் ஓடுவதே குறையும், புகாரும் கூடவே குறையும்.

பம்ப் டிக்கெட்டுகளைத் தனியாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, பம்ப் 80இலிருந்து 40, மற்றவை 160இலிருந்து 140 என்று வைப்போம். வீடியோ இல்லாத புகார்களே எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. அதே வேகத்தில் பம்ப் 70க்கு வந்திருக்கும். வந்தது 40. அப்போ வீடியோவின் பங்கு சுமார் 30தான், 60 அல்ல.

அப்புறம், வீடியோ பார்த்தும் கூலர் சரியாகாதவர் டிக்கெட் போடாமல் நேராகக் கடைக்குப் போன் செய்வார். அந்த அழைப்புகளையும் இரண்டு மாதத்துக்கும் எண்ணாவிட்டால் இந்த 30ஐயும் நம்பாதீர்கள்.