பழிவாங்குபவனுக்கு ஆகும் செலவு

கேள்வி: பழிவாங்கும் கதை ஒன்றை நாவலாக எழுதி முடித்திருக்கிறேன். பொய்வழக்கில் தன்னைச் சிறைக்கு அனுப்பிய மூவரையும் நாயகன் ஒருவர் பின் ஒருவராக வீழ்த்துகிறான். படித்த நண்பர்கள், முதல் பாதி விறுவிறுப்பு, பின்பாதி சலிப்பு என்கிறார்கள். இன்னும் இரண்டு எதிரிகளைச் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: சேர்க்காதீர்கள். மூன்றாவது எதிரியிடமே சலித்துப்போன வாசகர் ஐந்தாவது எதிரி வரை வர மாட்டார். முதல் பாதி ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. யார், யாரைத் தேடி, எதற்காகப் போகிறான் என்பதைப் பழியுணர்ச்சி தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடுகிறது. நாவலாசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். முதல் எதிரி விழும்போது வாசகருக்கும் நெஞ்சு நிறைகிறது. இரண்டாமவன் விழும்போது அது சற்றுக் குறைகிறது. மூன்றாமவனிடம் போன நாயகன் போனபடியே திரும்பி வந்தால், அங்கே நடந்தது பட்டியலில் ஒரு பெயரை அடித்த வேலை, அவ்வளவுதான். உங்கள் நாயகன் எதையும் இழக்காமல் பழிதீர்க்கிறான். குறை அங்கேதான்.

அலெக்ஸாண்டர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ நாவலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். 1844-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கதை அது. மாலுமியான எட்மண்ட் டான்டெஸ் செய்யாத குற்றத்துக்காகப் பதினான்கு ஆண்டுகள் கோட்டைச் சிறையில் கிடக்கிறான். தப்பி, செல்வந்தப் பிரபுவாகத் திரும்பி வருகிறான். அவனைச் சிறைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் வில்ஃபோரை அவன் வீழ்த்தும் பகுதியை மட்டும் கவனியுங்கள். அவன் கத்தியைத் தொடுவதில்லை. வில்ஃபோரின் இரண்டாவது மனைவியோடு உட்கார்ந்து நஞ்சுகளைப் பற்றிப் பேசுகிறான். எந்த நஞ்சு எப்படி வேலை செய்யும், எது தடயம் விடாது என்பதெல்லாம் நாகரிகமான உரையாடலாக நடக்கிறது. அவள் மிகக் கூர்ந்து கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே பேசுகிறான்.

தன் மகன் எட்வர்டுக்குச் சொத்து சேர வேண்டும் என்று அவள் வீட்டில் ஒவ்வொருவராகக் கொல்லத் தொடங்குகிறாள். டான்டெஸ் ஒதுங்கி நின்று பார்க்கிறான். அடுத்து, வில்ஃபோரின் மூத்த தாரத்து மகள் வாலன்டைனின் முறை. தான் பெற்ற மகன்போல டான்டெஸ் நினைக்கும் மாக்ஸிமிலியன் அந்தப் பெண்ணைக் காதலிக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் அவன் பதறிப்போய் அவளைக் காப்பாற்ற ஓடுகிறான். அந்த இளைஞன் குறுக்கே வராதிருந்தால்? இந்தக் கேள்வியை டூமா வாசகரின் மனத்தில் முள்ளாக விட்டுவிடுகிறார். குற்றமற்ற பெண் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடியவனாக அவன் அதற்குள் மாறிவிட்டான். சிறைக்குப் போன மாலுமி அப்படிப்பட்டவன் அல்ல.

கடைசியில் வில்ஃபோரின் மனைவி தானும் நஞ்சுண்டு, மகனுக்கும் கொடுத்துவிடுகிறாள். தன்னை வீழ்த்தியவன் யாரென்று அறிந்த வில்ஃபோர், அவனை இழுத்துவந்து மனைவி, மகன் இருவரின் சடலங்களையும் காட்டுகிறார். பழி தீர்ந்ததா என்று கேட்கிறார். டான்டெஸ் சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஓடி உயிர்ப்பிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. கடவுள் தன் பக்கம் இருக்கிறார் என்று இனிச் சொல்ல முடியாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அடுத்த எதிரியான டாங்ளாரை அவன் உயிரோடு விட்டுவிடுவதற்கு இந்தச் சிறுவனின் சாவுதான் காரணம்.

அதைவிட என்னை உலுக்கும் இடம் அதன் பிறகு வருகிறது. நான் செய்தது சரிதானா என்ற ஐயம் எழுந்ததும் அவன் தன் பழைய சிறைக்கே போகிறான். இப்போது அது பார்வையாளர்கள் வந்துபோகும் இடம். காவலாளி அவனிடமே அவன் கதையைச் சொல்கிறான். கோபம் ஆறத் தொடங்கிவிட்டது. அதை மறுபடி மூட்டிக்கொள்ள இருட்டறையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பழியால் வாழ்ந்தவனுக்கு அது போனால் கையில் வேறொன்றும் இல்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரியாது. ஆனால் டூமா இறுதியில் அவனுக்கு ஒரு காதலியையும் கப்பலையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அது எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு எளிதில் அவனை விட்டிருக்கக் கூடாது.

உங்கள் பிரதிக்கு வருவோம். முதல் அத்தியாயத்தில் நாயகன் செய்யக் கூசிய மூன்று காரியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எதிரி விழும்போதும் அவற்றில் ஒன்றைக் கூசாமல் செய்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அத்தியாயம் திருத்தப்பட வேண்டியது. அடுத்து, ஒவ்வோர் எதிரியின் வீட்டிலும் அந்தக் குற்றத்தோடு தொடர்பில்லாத ஒருவர் இருப்பார்: மனைவி, மகள், வேலைக்காரர். அவருக்கு ஒரு பெயரும் ஒரு காட்சியும் கொடுங்கள், எதிரி விழுவதற்கு முன்பாகவே. நாயகன் அவரோடு ஒரு முறையாவது பேசட்டும். மூன்றாவது எதிரியை எப்படி வீழ்த்துவது என்பதை அதன் பிறகு யோசியுங்கள். அவனை வீழ்த்தத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்போது உங்கள் நாயகனுக்கே வந்துவிடும்; பின்பாதியை அங்கிருந்து எழுதுங்கள்.